சந்தா கட்டியவரிடமே மறுபடி சந்தா கேட்கும் லிங்க்!

தென்காசியில் இருக்கும் என் சித்திக்கு மாலை ஐந்து மணி காபிக்குப் பிறகு ஒரு மணி நேரம் போனில் படிக்க வேண்டும். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, எழுத்தைப் பெரிதாக்கிக்கொண்டு, தொடர்கதையிலிருந்து ராசிபலன் வரை ஒன்று விடமாட்டார். இதற்காகவே ஒரு பத்திரிகையின் இணையப் பதிப்புக்கு ஒரு வருடச் சந்தா கட்டியிருக்கிறார். பெங்களூரில் இருக்கும் அவருடைய மகன் பொங்கலுக்கு வந்தபோது குரோம் பிரவுசரில் லாகின் செய்து கொடுத்துவிட்டுப் போனான். அதன்பிறகு பாஸ்வேர்டு என்ற பேச்சே அந்த வீட்டில் எழவில்லை.

ஒருநாள் சித்தியிடமிருந்து போன். குரலில் கோபம்.

“ஏட்டி, ரூவா கட்டி நாலு மாசந்தான் ஆச்சு. இப்ப மறுபடியும் சந்தா கட்டுங்கன்னு வருது. நாலு வரி காட்டிட்டு மிச்சத்த மறைச்சு வச்சிருக்கான். ஏமாத்துதானுவளா?”

“சித்தி, எதையும் அமுக்கிடாதீங்க. எங்க இருந்து இதைத் திறந்தீங்க?”

“எங்கன்னா? போன்லதான்!”

சித்தி சொன்னதில் தப்பில்லை. அவரைப் பொறுத்தவரை இணையம் என்பது ஒன்றுதான், அது போனுக்குள் இருக்கிறது. ஆனால், ஒரே போனுக்குள் ஒன்றையொன்று தெரியாத பல பிரவுசர்கள் குடியிருக்கின்றன என்பதுதான் இந்தச் சிக்கலின் வேர். எங்கள் குடும்பத்தில் போன் வைத்தியம் பார்ப்பவள் நான்தான் என்பதால், இதே புகாரை வேறு வேறு வடிவத்தில் பலமுறை கேட்டிருக்கிறேன். பள்ளிக்கூடம் அனுப்பிய படிவம் திறக்கவில்லை, ஆன்லைன் கடையில் சேர்த்து வைத்த பொருட்களைக் காணோம், கூகுள் கணக்கில் நுழைய முடியவில்லை என்று விதவிதமாக வரும். பெரும்பாலும் வியாதி ஒன்றுதான்.

சித்தியிடம் நான் கேட்ட அடுத்த கேள்வி, “இதே பத்திரிகைக் கட்டுரை வாட்ஸ்அப்ல வந்தா திறக்குதா?” என்பது. கொஞ்சம் யோசித்துவிட்டு, “நேத்து உங்க பெரியம்மா அனுப்புனது நல்லாத்தான் திறந்துச்சு” என்றார். இன்றைக்குத் திறக்காத லிங்க், ஒரு சமூக வலைதள ஆப்பில் அந்தப் பத்திரிகையின் பக்கத்தில் பார்த்துத் தொட்டது. அந்த ஒரு பதிலிலேயே நோய் தெரிந்துவிட்டது. வாட்ஸ்அப்பில் வரும் லிங்க்கைத் தொட்டால், அது நம்மை வெளியே அனுப்பி, போனின் வழக்கமான பிரவுசரில் திறக்க வைக்கும். சில ஆப்கள் அப்படி வெளியே விடுவதில்லை. தமக்குள்ளேயே ஒரு குட்டி பிரவுசரை வைத்துக்கொண்டு, அதிலேயே பக்கத்தைக் காட்டிவிடும். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் இரண்டும் இப்படித்தான். டெலிகிராமிலும் இப்போது அந்த வசதி இருக்கிறது. படித்து முடித்து வெளியே வந்தால் மறுபடி அவர்களுடைய ஆப்பிலேயே நாம் இருப்போம் இல்லையா, அவர்களுக்கு அதுதானே வேண்டும்!

சரி, உள்ளே திறந்தால் ஏன் லாகின் மறந்துபோகிறது?

கோயில் வாசலில் செருப்பு விடும்போது ஒரு டோக்கன் தருவார்களே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். நாம் ஓர் இணையதளத்தில் பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்து நுழைந்ததும், அந்தத் தளம் நம் பிரவுசரிடம் ஒரு டோக்கனைக் கொடுத்து வைக்கிறது. அதற்குப் பெயர்தான் குக்கி. அடுத்த முறை போகும்போது பிரவுசர் அந்த டோக்கனை நீட்டும். தளமும் ‘ஓ, இவரா’ என்று கதவைத் திறக்கும். தளத்துக்கு நம் முகம் தெரியாது, போன் நம்பர் தெரியாது, போன் எதுவென்பதும் முக்கியமில்லை. டோக்கன்தான் கணக்கு.

இப்போது சித்தியின் டோக்கன் குரோம் என்ற சட்டையின் பையில் இருக்கிறது. சமூக வலைதள ஆப்பின் குட்டி பிரவுசர் வேறொரு சட்டை. அதன் பையில் எதுவும் இல்லை. ஆகவே தளத்தைப் பொறுத்தவரை வந்திருப்பது யாரோ புது ஆள். புது ஆளிடம் சந்தா கேட்பதுதானே முறை? சரி, குரோமின் பையில் இருந்து எடுத்துக்கொண்டால் என்ன என்று கேட்கலாம். ஆண்ட்ராய்டும் ஐபோனும் அதற்கு அனுமதிப்பதில்லை. ஒரு ஆப் சேமித்து வைத்ததை இன்னொரு ஆப் எட்டிப்பார்க்கக்கூடாது என்பது அவற்றின் அடிப்படை விதி. அந்த விதி இல்லையென்றால், டார்ச்லைட்டுக்காக நாம் இறக்கிய ஏதோ ஒரு ஆப், நம் வங்கித் தளத்தின் டோக்கனை எடுத்துக்கொண்டு போய்விடும். எரிச்சலாக இருந்தாலும் நம்மைக் காப்பாற்றுகிற விதி இது.

இதெல்லாம் சித்தியிடம் அன்றைக்குச் சொல்லவில்லை. “சித்தி, மேல இடது பக்கம் ஒரு பெருக்கல் குறி தெரியுதா?” என்று மட்டும் கேட்டேன்.

“தெரியுது.”

“வலது பக்கம் மூணு புள்ளி?”

“அதுவும் இருக்கு.”

உள்ளே இருக்கும் பிரவுசரைக் கண்டுபிடிக்க இதுதான் சுலபமான வழி. வழக்கமான குரோமில், மேலே முகவரி எழுதும் பட்டையைத் தொட்டால் கீபோர்டு வரும், நாம் வேறு முகவரி அடிக்கலாம். பக்கத்தில் ஒரு சின்னக் கட்டத்துக்குள் எத்தனை பக்கங்கள் திறந்திருக்கின்றன என்ற எண் இருக்கும். ஆப்புக்குள் திறந்த பிரவுசரில் பெரும்பாலும் இவை இரண்டும் இருக்காது. தளத்தின் பெயர் மட்டும் தெரியும். மூடுவதற்கு ஒரு பெருக்கல் குறியோ அம்புக்குறியோ இருக்கும். அந்தக் குறியைத் தொட்டதும் நீங்கள் பழைய ஆப்பில் வந்து விழுந்தால், இவ்வளவு நேரம் இருந்தது அதன் வீட்டுத் திண்ணையில்தான் என்று அர்த்தம்.

மூன்று புள்ளியைத் தொடச் சொன்னேன். ஒரு பட்டியல் விழுந்தது. அதை வரிசையாக, ஆங்கில எழுத்து எழுத்தாக, எனக்குப் படித்துக் காட்டினார் சித்தி. நான்காவதோ ஐந்தாவதோ வரியில் Open in external browser வந்தது. சில ஆப்களில் இது Open in browser என்றிருக்கும். சிலவற்றில் Open in Chrome என்றே இருக்கும். ஐபோனில் Open in Safari என்றும் பார்க்கலாம். சொல் மாறினாலும் சொல்லும் விஷயம் ஒன்றுதான். இந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டு போய் வெளியே இருக்கும் பிரவுசரில் திற.

தொட்டார். பக்கம் வேறு இடத்தில் திறந்தது. “இப்பவும் சந்தா கேக்குதுட்டி!”

இந்த இடத்தில்தான் பலர் வெறுத்துப்போய் போனைக் கீழே வைத்துவிடுகிறார்கள். சித்தியை ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அனுப்பச் சொன்னேன். பார்த்ததும் புரிந்தது. வெளியே திறந்திருக்கிறது, ஆனால் குரோமில் இல்லை. போன் வாங்கும்போதே அந்தக் கம்பெனி போட்டுக் கொடுத்திருந்த அதன் சொந்த பிரவுசரில் திறந்திருந்தது. அது மூன்றாவது சட்டை! அந்தப் பையிலும் டோக்கன் கிடையாது. நேற்று பெரியம்மா அனுப்பிய லிங்க் மட்டும் எப்படித் திறந்தது என்று விசாரித்தால், அப்போது எதில் திறக்க வேண்டும் என்று போன் கேட்டதாம். சித்தி பழக்கமான வட்டப் படத்தைத் தொட்டிருக்கிறார். இன்றைக்கும் கேட்டிருக்கிறது. அவசரத்தில் மேலே இருந்த படத்தையே தொட்டுவிட்டார்.

வெளியே திற என்றால் போன் எந்த பிரவுசரில் திறக்கும்? எதை நாம் இயல்பான பிரவுசராக வைத்திருக்கிறோமோ, அதில். ஆகவே, நாம் லாகின் செய்திருக்கும் பிரவுசரும், போனின் இயல்பான பிரவுசரும் ஒன்றாக இருக்க வேண்டும். ஆண்ட்ராய்டில் Settings போய், Apps என்பதற்குள் Default apps அல்லது Choose default apps என்ற வரியைத் தொட்டால், Browser app என்று ஒன்று வரும். அதில் குரோமைத் தேர்ந்தெடுத்தால் முடிந்தது. சித்திக்கு இதைச் செய்ய ஏழு நிமிடம் ஆனது. நடுவில் பால்காரர் வேறு வந்துவிட்டார். பிறகு மறுபடி அந்த ஆப், மறுபடி அந்தக் கட்டுரை, மூன்று புள்ளி, Open in external browser. கட்டுரை முழுசாகத் திறந்தது. ஒரு வருடச் சந்தாவை இரண்டாவது முறை கட்ட யு.பி.ஐ. வரைக்கும் போயிருந்தவர் சித்தி. அந்தப் பணம் தப்பியது.

இதில் இன்னொரு நுணுக்கம் உண்டு. கட்டுரைப் பக்கத்தில் இருக்கும்போதே வெளியே திறந்துவிட வேண்டும். ‘லாகின் செய்க’ என்ற பட்டனைத் தொட்டு, லாகின் பக்கத்துக்குப் போன பிறகு வெளியே திறந்தால், குரோமுக்குப் போவது அந்த லாகின் பக்கத்தின் முகவரிதான். அங்கே போய், நீங்கள் ஏற்கெனவே உள்ளே இருப்பதால், முகப்புப் பக்கத்தில் கொண்டுபோய் விடும். கட்டுரை எங்கே என்று தேட வேண்டியிருக்கும். அப்படி ஆகிவிட்டால் ஒருமுறை பின்னால் வந்து, கட்டுரை தெரிந்த பிறகு மூன்று புள்ளியைத் தொடுங்கள்.

படிவங்களில் இதைவிட வருத்தம். என் தோழி, மகளின் பள்ளி கொடுத்த ஒரு படிவத்தை ஒரு ஆப்புக்குள்ளேயே திறந்து, பெயர், முகவரி, ரத்த வகை என்று இரண்டு பக்கம் நிரப்பியிருந்தாள். கடைசியில் ஒரு கோப்பை இணைக்க வேண்டும், அதற்கு கூகுள் கணக்கில் நுழைய வேண்டும் என்றது. நுழையப் போனால் `Error 403: disallowed_useragent` என்று ஒரு வரி. பாஸ்வேர்டு தப்போ என்று மாற்றப்போய்விட்டாள். நல்லவேளை, நடுவில் எனக்குப் போன் செய்தாள். பாஸ்வேர்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஆப்புக்குள் இருக்கும் குட்டி பிரவுசர்கள் வழியாகத் தன் கணக்கில் நுழைவதை கூகுள் வேண்டுமென்றே தடுக்கிறது. 2016-ல் இதை அறிவித்து, 2021-ல் இன்னும் இறுக்கினார்கள். காரணம் நியாயமானது. ஒரு ஆப் தனக்குள் காட்டும் பக்கத்தில் நாம் என்ன தட்டுகிறோம் என்பதை, அந்த ஆப் நினைத்தால் படிக்க முடியும். அங்கே பாஸ்வேர்டு அடிப்பது, அடுத்தவர் நோட்டுப் புத்தகத்தில் எழுதுவது மாதிரி.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. ஃபெலிக்ஸ் கிராவுஸ் என்ற ஆய்வாளர் 2022-ல், ஐபோனில் இன்ஸ்டாகிராமும் ஃபேஸ்புக்கும் தமக்குள் திறக்கும் வெளித் தளங்களில் தம்முடைய நிரல் வரிகளையும் சேர்த்து ஓட்டுகின்றன என்று காட்டினார். அவை பாஸ்வேர்டைத் திருடுகின்றன என்று அவர் சொல்லவில்லை. அப்படிச் சேர்க்க முடிகிறது, சேர்க்கவும் செய்கிறார்கள் என்பதே அவர் சொன்னது. என்னைக் கேட்டால், படிப்பதற்கு அந்த குட்டி பிரவுசர் பரவாயில்லை. பாஸ்வேர்டு, கார்டு எண் என்று எதையாவது அடிக்கச் சொன்னால், அந்த நிமிடமே வெளியே வந்துவிடுவேன்.

தோழியின் படிவத்துக்கு வருவோம். குரோமில் திறந்ததும் கணக்கு சரியாக வந்தது. ஆனால், நிரப்பியது எல்லாம் காலி. வெளியே திற என்று சொல்லும்போது போவது முகவரி மட்டும்தான். அந்தப் பக்கத்தில் நாம் எழுதியது கூடவே போகாது. ஆன்லைன் கடையில் லாகின் செய்யாமல் கூடையில் போட்ட பொருட்களும் அப்படித்தான், பழைய சட்டைப் பையிலேயே கிடக்கும். ஆகவே, நிரப்பும் வேலையிருக்கிற எந்தப் பக்கத்தையும், முதல் கட்டத்தைத் தொடுவதற்கு முன்பே வெளியே எடுத்துப் போய்விடுவது நல்லது.

ஒருமுறை மட்டுமே வேலை செய்யும் லிங்க்குகளில் இன்னும் கவனம் வேண்டும். சில தளங்கள் பாஸ்வேர்டு கேட்பதில்லை. ‘உங்கள் மெயிலுக்கு ஒரு லிங்க் அனுப்பியிருக்கிறோம், அதைத் தொட்டால் போதும்’ என்கின்றன. மெயில் பார்க்கும் ஆப் தனக்குள்ளேயே அதைத் திறந்தால், டோக்கன் அந்த ஆப்பின் பைக்குப் போய்விடும். உள்ளே நுழைந்துவிட்டோம் என்று காட்டும், நாமும் நிம்மதியாக மூடிவிட்டு குரோமுக்குப் போவோம். அங்கே மறுபடி லாகின் கேட்கும். சரி என்று அதே லிங்க்கை குரோமில் திறந்தால், ‘இந்த லிங்க் காலாவதியாகிவிட்டது’ என்று வரும். சினிமா டிக்கெட்டைக் கிழித்த பிறகு மறுபடி காட்டியது மாதிரி. இதற்கு ஒரே வழி, புதிதாக ஒரு லிங்க் கேட்டு வாங்குவது. இந்த முறை அதைத் தொடாமல், விரலை அதன்மேல் அழுத்திப் பிடியுங்கள். Copy என்று வரும். குரோமைத் திறந்து, மேலே முகவரிப் பட்டையில் ஒட்டித் திறக்க வேண்டும். மூன்று புள்ளியில் வெளியே திறக்கும் வசதியே இல்லாத ஆப்களுக்கும் இந்த வழிதான் கைகொடுக்கும்.

ஆனால், பெருக்கல் குறியைப் பார்த்தாலே பயப்பட வேண்டாம். ஆண்ட்ராய்டில் ஜிமெயிலில் வரும் லிங்க்கைத் தொட்டாலும் பெருக்கல் குறி போட்ட ஒரு ஜன்னல்தான் வரும். ஆனால் நம் லாகின் எல்லாம் அதில் அப்படியே இருக்கும். ஏனென்றால் அது குரோமேதான், வேறு வேஷத்தில் வந்திருக்கிறது. 2015-லிருந்து இந்த வசதியை குரோம் மற்ற ஆப்களுக்குக் கொடுத்து வருகிறது. மூன்று புள்ளியைத் தொட்டால் பட்டியலில் Running in Chrome என்று எழுதியிருந்தால் அது குரோமின் சட்டைதான், டோக்கன் இருக்கும். ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சலுகை இல்லை. அங்கே ஆப்புக்குள் திறக்கும் ஜன்னல் சஃபாரி மாதிரியே தெரிந்தாலும், 2017-ல் வந்த ஐஓஎஸ் 11 முதல் அதன் பை தனி. மூலையில் ஒரு திசைகாட்டிப் படம் இருக்கும். அதைத் தொட்டால் உண்மையான சஃபாரிக்குப் போகும்.

ஒவ்வொரு முறையும் மூன்று புள்ளியைத் தேட அலுப்பாக இருந்தால், ஒரேயடியாக மாற்றி வைக்கவும் முடியும். டெலிகிராமில் ஆண்ட்ராய்டு என்றால் Settings, பிறகு Chat Settings, அதில் In-App Browser என்பதை அணைத்துவிட வேண்டும். ஆண்ட்ராய்டு ஃபேஸ்புக்கில் Settings-க்குள் Media அல்லது Browser என்ற பகுதியில் external அல்லது externally என்ற சொல் இருக்கும் வரியைத் தேடி இயக்க வேண்டும். அப்டேட் வரும்போதெல்லாம் இந்த வரிகளை இடம் மாற்றி வைப்பது இவர்களுக்கு ஒரு பொழுதுபோக்கு. அதனால் பாதையை மனப்பாடம் செய்வதைவிட, சொல்லை நினைவில் வைத்துக்கொள்வது மேல். சித்தியின் போனில் நான் இதைச் செய்யவில்லை. அவருக்கு உள்ளேயே திறந்து, படித்துவிட்டு, பெருக்கல் குறியைத் தொட்டுத் திரும்புவதுதான் பிடித்திருக்கிறது. சந்தாக் கட்டுரை என்றால் மட்டும் மூன்று புள்ளி. “கேட்டா போறேன், கேக்காட்டி உள்ளயே படிக்கேன்” என்கிறார். சரியான கொள்கைதான்.

இதையெல்லாம் தெரிந்துகொள்வதற்கு முன்பே ஏதாவது ஆப்புக்குள் லாகின் செய்திருப்பீர்கள். அந்த டோக்கன் இன்னும் அந்தப் பையிலேயே கிடக்கும். குரோமில் லாக்அவுட் செய்தாலும் அது போகாது. ‘ஒரு சந்தாவுக்கு இத்தனை சாதனங்கள்தான்’ என்று கணக்கு வைக்கும் தளங்களில், ஒரே போனில் இரண்டு பைகளில் இருக்கும் டோக்கன்களும் இரண்டு சாதனங்களாகக் கணக்காகிவிடலாம். மகன் பெங்களூரில் அதே சந்தாவில் திறக்கும்போது ‘எண்ணிக்கை முடிந்தது’ என்று வந்தால் காரணம் இதுவாக இருக்கக்கூடும். அந்தத் தளத்தில் உங்கள் கணக்குப் பக்கத்துக்குப் போய், எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறும் வசதி இருந்தால் அதைத் தொடுங்கள். பிறகு குரோமில் மட்டும் ஒருமுறை லாகின் செய்யுங்கள். பாஸ்வேர்டு கையில் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொண்டு செய்யுங்கள். சித்தி வீட்டில் அது, காலண்டரில் ஜனவரி மாதத் தாளின் பின்பக்கம் எழுதியிருந்தது. நல்லவேளையாக அந்தத் தாளை யாரும் கிழிக்கவில்லை.